ரிப்போர்ட் நார்மல், ஆள் நார்மலா?

“உங்களுக்கு ஒண்ணும் இல்ல. மனசைத் தைரியமா வச்சுக்கங்க.”

நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நள்ளிரவில் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வருகிற ஒருவருக்கு ஈ.சி.ஜி.யும் ரத்தப் பரிசோதனையும் சரியாக இருந்துவிட்டால், நம் ஊரில் அவர் கேட்டுவிட்டுத் திரும்புகிற வாசகம் இது. மருத்துவர் சொல்கிறார், செவிலியர் சொல்கிறார், ஆட்டோவில் ஏற்றி வந்த மைத்துனர் சொல்கிறார். மறுநாள் காலையில் தெருவே சொல்கிறது. யாரும் கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை. ஆனாலும் அரசு மருத்துவமனையில் சமூகப் பணியாளராக வேலை பார்க்கிற நான் இந்த வாசகத்தை மறுக்கத்தான் இதை எழுதுகிறேன். இதன் முதல் பாதி தவறான தகவல். இரண்டாம் பாதி நோயை வளர்க்கிற யோசனை.

முதல் பாதிக்கு ஒரு ஆளைச் சொல்கிறேன். பல பேரிடம் கண்டதை ஒருவர் மேல் ஏற்றிச் சொல்வதாக வைத்துக்கொள்ளுங்கள். அடையாளம் தெரியாதபடி ஊரும் விவரமும் மாற்றியிருக்கிறேன்.

முப்பத்தாறு வயது. காய்கறி ஏற்றும் வேன் ஓட்டுகிறார். மலைப்பாதையில் இரவு வண்டி ஓட்டிப் பழகியவர். அவருடைய அப்பா மாரடைப்பில் திடீரென்று இறந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. ஒரு நாள் சரியான தூக்கமில்லாமல், வழியில் நாலைந்து டீ குடித்துவிட்டு வண்டி ஓட்டிக்கொண்டிருந்தவருக்குச் சுங்கச்சாவடி வரிசையில் நிற்கும்போது இதயம் தறிகெட்டு அடித்தது. நெஞ்சு அடைத்தது. மூச்சு எட்டவில்லை. விரல்கள் மரத்துப்போயின. கண்ணாடிக்கு வெளியே இருந்த விளக்குகளெல்லாம் ஏதோ தூரத்தில் நடக்கிற காட்சி மாதிரித் தெரிந்தன. “அப்பாவுக்கு வந்தது எனக்கும் வந்துடுச்சு” என்று நினைத்தாராம். அருகிலிருந்த மருத்துவமனையில் ஈ.சி.ஜி. எடுத்தார்கள். இதயத் தசை சேதமடைந்தால் ரத்தத்தில் கூடுகிற ட்ரோபோனின் என்ற புரதத்தையும் சில மணி நேர இடைவெளியில் இரண்டு முறை பார்த்தார்கள். இரண்டும் சரி. “கேஸ் ட்ரபிளா இருக்கும்” என்று ஒரு மாத்திரை, பிறகு அந்த வாசகம்.

பத்து நாளில் மறுபடி வந்தது. அடுத்த மாதம் மூன்று முறை. தனியார் மருத்துவமனையில் எக்கோ, டிரெட்மில், வேறொரு இடத்தில் வயிற்றுக்கு எண்டோஸ்கோபி. மனைவியின் சங்கிலி அடகுக் கடைக்குப் போனது. எல்லா ரிப்போர்ட்டும் நார்மல். அந்த நார்மல் ரிப்போர்ட்டுகளையெல்லாம் ஒரு துணிக்கடைப் பையில் போட்டு, எங்கே போனாலும் கையோடு எடுத்துப் போகிற நிலைக்கு அவர் வந்திருந்தார்.

இவருக்கு ‘ஒண்ணும் இல்லை’யா? பேனிக் அட்டாக் என்று மருத்துவம் இதற்குப் பெயர் வைத்திருக்கிறது. படபடப்பு, வியர்வை, நடுக்கம், மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, தலைச்சுற்றல், மரமரப்பு, செத்துவிடுவோம் அல்லது பைத்தியமாகிவிடுவோம் என்ற பயம் என்று பதின்மூன்று அறிகுறிகளின் பட்டியலில் நான்காவது சேர்ந்து, திடீரென்று எழுந்து, சில நிமிடங்களில் உச்சத்துக்குப் போய், பிறகு தானாகவே தணியும். வாழ்நாளில் ஒருமுறை இப்படி வந்து போவது பலருக்கு நடக்கிறது. அது நோயில்லை. அடிக்கடி வந்து, ‘அடுத்தது எப்போது வருமோ’ என்ற அச்சத்திலேயே ஒரு மாதமோ அதற்கு மேலோ கழிந்து, அதற்குப் பயந்து ஒருவர் தன் போக்குவரத்தையும் வேலையையும் மாற்றிக்கொண்டால் அது நோய். வேன் ஓட்டுநர் அந்தக் கோட்டை எப்போதோ தாண்டிவிட்டார். அவருடைய இதயத்தில் ஒன்றும் இல்லை என்பது உண்மை. அவருக்கு ஒன்றும் இல்லை என்பது பொய். இந்த இரண்டு வாக்கியங்களுக்கும் நடுவில்தான் ஒரு குடும்பத்தின் நகை போயிருக்கிறது.

இது நம்மூர் மருத்துவர்களின் குறை மட்டும் என்று நினைத்துவிட வேண்டாம். கனடாவில் மான்ட்ரியல் இதய மருத்துவ நிலையத்தின் அவசரப் பிரிவுக்கு நெஞ்சு வலியோடு வந்த 441 பேரை ஆராய்ந்து 1996இல் ஒரு கட்டுரை வெளியானது. ஏறக்குறைய நான்கில் ஒருவருக்குப் பேனிக் நோய் இருந்தது. அவர்களில் 98 சதவீதம் பேரிடம் அதை அங்கிருந்த இதய மருத்துவர்கள் இனம் காணவில்லை. இதயத்துக்கென்றே உள்ள மருத்துவமனையில் இதயத்தைத்தான் தேடுவார்கள். அது கிடைக்கவில்லையென்றால் தேடல் முடிந்துவிடும். என் புகாரும் அதுதான். ஒரு நோய் இல்லை என்று கண்டுபிடிப்பது பாதி வேலை. என்ன நோய் என்று சொல்லி, அதைப் பார்க்கிறவரிடம் அனுப்புவதுதான் மீதி.

இனி இரண்டாம் பாதி: “மனசைத் தைரியமா வச்சுக்கங்க.” இதுதான் எனக்கு அதிகம் ஆத்திரமூட்டுவது. பேனிக் நோய் எப்படி வளர்கிறது என்று தெரிந்த எவரும் இதைச் சொல்ல மாட்டார்கள்.

நடப்பது இதுதான். உடலில் ஏதோ ஒரு சின்ன மாற்றம். மாடி ஏறியதாலோ, காபியாலோ, தூக்கமின்மையாலோ, காரணமே தெரியாமலோ இதயம் கொஞ்சம் வேகமாக அடிக்கிறது. வேறொருவர் அதைக் கவனிக்கக்கூட மாட்டார். இவருடைய கவனம் ஏற்கெனவே நெஞ்சின் மேலேயே இருப்பதால் உடனே கண்டுகொள்கிறார். ‘அட்டாக்’ என்று அதற்கு அர்த்தம் கொடுக்கிறார். அர்த்தம் கொடுத்த கணத்தில் அட்ரினலின் சுரக்கிறது. இதயம் இன்னும் வேகமெடுக்கிறது. ‘பார், சொன்னேன் இல்ல?’ என்று பயம் உறுதியாகிறது. உடலின் உணர்வைப் பேராபத்தாகத் தவறாகப் படிப்பதுதான் இந்தச் சுழலின் அச்சு என்று பிரிட்டிஷ் உளவியலாளர் டேவிட் கிளார்க் 1986இல் விளக்கினார். இன்றைய உளவியல் சிகிச்சை பெரும்பாலும் அந்த விளக்கத்தின் மேல்தான் நிற்கிறது.

பயத்தில் மூச்சும் வேகமாகிறது. உடல் சும்மா உட்கார்ந்திருக்க, நுரையீரல் மட்டும் ஓடுகிறவருடையதைப் போல இயங்கும்போது ரத்தத்தில் கரியமில வாயு தேவைக்குக் கீழே குறைந்துவிடுகிறது. அதனால் மூளைக்குப் போகிற ரத்தக் குழாய்கள் சற்றே சுருங்க, தலை கிறுகிறுக்கிறது. ரத்தத்தின் காரத்தன்மை கூடி, நரம்புகளுக்குக் கிடைக்கிற கால்சியத்தின் அளவு மாற, விரல்களும் உதட்டைச் சுற்றியும் மரமரக்கின்றன. சிலருக்குக் கை விரல்கள் கொக்கி மாதிரி மடங்கி இழுத்துக்கொள்ளும். அதைப் பார்த்துவிட்டு ‘வலிப்பு’ என்று இரும்புச் சாவியைக் கையில் திணிக்கிறவர்களையும் பார்த்திருக்கிறேன். மூச்சே கிடைக்கவில்லை என்று அவர் கதறும்போது விரலில் மாட்டிய கருவி ஆக்சிஜன் 99 என்று காட்டிக்கொண்டிருக்கும். அவர் நடிக்கவில்லை, அவருக்கு மூச்சு குறையவில்லை, கூடியிருக்கிறது. (இதற்காகக் காகிதப் பையில் மூச்சு விடச் சொல்கிற பழைய பழக்கத்தை விட்டுவிடுங்கள். உண்மையிலேயே இதயமோ நுரையீரலோ பாதிக்கப்பட்டிருந்தால் அது ஆபத்து.)

இந்தச் சுழலுக்குள் இருக்கிறவரிடம் ‘தைரியமாக இரு’ என்றால் அவர் என்ன செய்வார்? இதயத் துடிப்பை அடக்கப் பார்ப்பார். அடக்குவதற்கு அதைக் கவனிக்க வேண்டும். கவனித்தால் கூடுதலாகத் தெரியும். இதோடு இன்னொன்றும் சேர்கிறது. பேருந்தில் படபடப்பு வந்ததும் அவர் அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிடுகிறார். சில நிமிடங்களில் தணிகிறது. அது இறங்காமல் இருந்திருந்தாலும் தணிந்திருக்கும். ஆனால் அவருடைய மூளை எழுதி வைத்துக்கொள்கிற கணக்கு வேறு: ‘இறங்கினேன், பிழைத்தேன்.’ அடுத்த முறை பேருந்தில் ஏறவே மாட்டார். தைரியம் இல்லாததால் அவர் சிக்கிக்கொள்ளவில்லை. தவறான கணக்கு ஒவ்வொரு முறையும் சரி என்று நிரூபணமாவதால்தான் சிக்கிக்கொள்கிறார்.

நம் ஓட்டுநரின் கணக்கைப் பாருங்கள். முதலில் சுங்கச்சாவடியை விட்டார். பிறகு பைபாஸை விட்டு ஊருக்குள் சுற்றிப் போனார். பிறகு தனியாக ஓட்டுவதை நிறுத்தி, கூலிக்கு ஒரு பையனை உடன் வைத்துக்கொண்டார். தண்ணீர் பாட்டில் இல்லாமல் நகர மாட்டார். பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்த சார்பிட்ரேட் மாத்திரை எப்போதும் சட்டைப் பையில். படபடக்கும்போதெல்லாம் நாக்குக்கு அடியில் வைத்துக்கொள்வார். அந்த மாத்திரை ரத்தக் குழாய்களை விரியச் செய்து ரத்த அழுத்தத்தைக் குறைக்கும், அதை ஈடுகட்ட இதயம் இன்னும் வேகமாக அடிக்கும், தலையும் வலிக்கும். படபடப்புக்குப் பயந்து, படபடப்பைக் கூட்டுகிற மாத்திரையைப் போட்டுக்கொண்டிருந்தார். எல்லோரும் சொன்ன தைரியத்தை அவர் தன்னால் முடிந்த அளவு சேகரித்ததன் விளைவு இது.

தைரியம் குறைந்தவர்களுக்கு வருகிற சீக்கு இது என்று நினைப்பவர்கள் ஒரு பழைய மருத்துவக் குறிப்பைத் தெரிந்துகொள்ள வேண்டும். அமெரிக்க உள்நாட்டுப் போரில் சண்டையிட்ட சிப்பாய்களிடம் படபடப்பு, நெஞ்சு வலி, மூச்சிரைப்பு, தலைச்சுற்றல் இவற்றைக் கண்ட ஜேக்கப் டா கோஸ்டா என்ற மருத்துவர், இதயத்தில் அதற்கேற்ற சேதம் இல்லாததைப் பார்த்து வியந்து 1871இல் விரிவாக எழுதினார். பின்னால் அதற்குச் சிப்பாயின் இதயம் என்றே பெயர் வந்தது. பீரங்கிக்கு எதிரே நின்றவர்களுக்கு வந்தது, பைபாஸில் வேன் ஓட்டுகிறவருக்கு வரக் கூடாதா?

“எங்க காலத்துல இதெல்லாம் ஏது?” என்ற கேள்வியும் உடனே வரும். இருந்தது. வேறு பெயர்களில் இருந்தது. வாய்வுப் பிடிப்பு என்றார்கள், நரம்புத் தளர்ச்சி என்றார்கள், பயந்த கோளாறு என்று மந்திரித்துத் தாயத்து கட்டினார்கள். எதுவும் செய்யாமல் விட்டதும் நிறைய. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து ஊர் எல்லையைத் தாண்டாத அத்தை ஒருவர் உங்கள் குடும்பத்திலும் இருந்திருப்பார். பேருந்து என்றாலே குமட்டல், கூட்டம் என்றாலே மயக்கம், கல்யாண வீட்டுக்கு வரச்சொன்னால் ‘நீங்க போயிட்டு வாங்க’. அவரை ‘வீட்டோடு இருக்கிற அடக்கமான மனுஷி’ என்று புகழ்ந்துவிட்டோம். அப்படிப்பட்டவர்களில் எத்தனை பேர் பயத்தால் அடைபட்டிருந்தார்கள் என்று யாரும் கேட்கவில்லை. அச்சம் பிறக்க அணங்கு, விலங்கு, கள்வர், இறை என நான்கு காரணங்களை வகுத்திருக்கிறது தொல்காப்பியம். நாலில் ஒன்றும் எதிரே இல்லாதபோது உடல் மட்டும் அஞ்சுகிற நிலை அத்தைக்கும் புரிந்திருக்காது, வீட்டுக்கும் புரிந்திருக்காது.

எதிர்த்தரப்பில் மதிக்கத்தக்க வாதம் ஒன்று உண்டு. மனித வாழ்வில் இயல்பான கவலையையெல்லாம் நோயாக்கி மாத்திரை விற்கிறார்கள் என்பது. இதில் பாதியை ஏற்கிறேன். தேர்வுக்கு முந்தைய இரவு வயிறு கலங்குவது, மகள் இரவு வீடு திரும்பும்வரை வாசலையே பார்த்துக்கொண்டிருப்பது, கடன் தவணை நாளில் தூக்கம் வராதது இவையெல்லாம் நோய்கள் அல்ல. இவற்றுக்கு மருத்துவமனை சீட்டு வாங்க வேண்டியதில்லை. காரணம் போனதும் கவலையும் போகிறதா, காரணத்தின் அளவுக்குத்தான் கவலை இருக்கிறதா, அதனால் நீங்கள் செய்துவந்த எதையாவது செய்யாமல் விட்டுவிட்டீர்களா என்று பாருங்கள். மூன்றாவது கேள்விதான் முக்கியம். பயம் ஒருவருடைய பாதையை மாற்றத் தொடங்கிவிட்டால், அது வெறும் கவலை என்ற நிலையைக் கடந்துவிட்டது.

எதிர்ப்பக்கத் தவறு இன்னும் மோசமானது என்பதையும் சொல்லிவிட வேண்டும். முதன்முறை நெஞ்சு வலி வந்தால் அது பேனிக் என்று வீட்டில் யாரும் முடிவு செய்யக் கூடாது. நடந்தால் கூடி, நின்றால் குறைகிற வலி, இடது கைக்கோ தாடைக்கோ பரவுகிற வலி, மயங்கி விழுவது இவற்றோடு வந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் 108ஐ அழையுங்கள். உண்மையான மாரடைப்போடு வந்த பெண்களை ‘டென்ஷன்’ என்று திருப்பியனுப்புகிற அவலமும் நடக்கிறது. தைராய்டு கூடுதலாகச் சுரந்தாலும், ரத்தசோகை இருந்தாலும், இதயத்தின் மின்னோட்டக் கோளாறாலும் இதே படபடப்பு வரும். அதனால் முறையான பரிசோதனைகளை நான் எதிர்க்கவில்லை. நார்மல் என்று வந்த பிறகு அதையே ஆறாம் முறை எடுப்பதைத்தான் எதிர்க்கிறேன். ஒவ்வொரு நார்மல் ரிப்போர்ட்டும் சில நாட்கள் நிம்மதி தரும். பிறகு ‘மெஷின் சரியாப் பார்த்திருக்குமா?’ என்ற சந்தேகம் எழும். மறுபடி பரிசோதனை. அதுவும் சுழலின் ஒரு பகுதியாகிவிடும்.

மாத்திரை வாதத்தின் மறுபாதி எனக்கு விசித்திரமாகவே படுகிறது. “மனநல டாக்டர்கிட்டப் போனா மாத்திரைக்கு அடிமையாக்கிடுவாங்க” என்கிறவர்கள், மருந்துக் கடையில் ‘தூக்க மாத்திரை ஒரு பாதி’ என்று அல்பிரசோலம் வாங்கிப் போட்டுக்கொண்டிருப்பார்கள். ஓட்டுநருக்கும் ஒரு நண்பர் அதைத்தான் வாங்கிக் கொடுத்திருந்தார். அடிமையாக்குகிற மருந்து என்று அவர்கள் பயப்படுவது சரியாக இதைத்தான். அரை மணி நேரத்தில் பயத்தைத் தணிக்கும். வாரக்கணக்கில் தினமும் எடுத்தால் உடல் பழகிக்கொண்டு அளவைக் கூட்டச் சொல்லும். திடீரென்று நிறுத்தினால் முன்னைவிட மோசமாகப் பதறும், வலிப்பு வரவும் கூடும். வண்டி ஓட்டுகிறவருக்குத் தூக்கக் கலக்கம் வேறு. சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது, விற்றால் பதிவேட்டில் எழுதி வைக்க வேண்டும் என்கிற எச்1 பட்டியலில் இந்த மருந்து 2013இலேயே சேர்க்கப்பட்டுவிட்டது. கடைகளில் நடப்பது உங்களுக்கே தெரியும்.

மனநல மருத்துவர் பேனிக் நோய்க்கு முதலில் தேர்ந்தெடுப்பது பெரும்பாலும் வேறு வகை: செர்ட்ரலின், எஸ்சிட்டலோப்ராம் போன்றவை. இவை போட்டவுடன் எதையும் தணிப்பதில்லை. பலன் தெரிய இரண்டிலிருந்து ஆறு வாரம் ஆகும். இன்னும் வேண்டும் இன்னும் வேண்டும் என்ற ஏக்கத்தையும் உண்டாக்குவதில்லை. ஆனால் குறையில்லாத மருந்துகள் என்று சொல்ல மாட்டேன். முதல் வாரத்தில் குமட்டலும், சிலருக்குப் பதற்றம் சற்றுக் கூடுவதும் உண்டு. அதனால்தான் குறைந்த அளவில் தொடங்குகிறார்கள். பாலுறவில் நாட்டம் குறைவதைப் பலர் வெளியே சொல்லாமல் மருந்தை நிறுத்திவிடுகிறார்கள். சொன்னால் மாற்றிக் கொடுக்க வழி இருக்கிறது. ஒரே நாளில் நிறுத்தினால் தலைச்சுற்றலும் எரிச்சலும் வரும் என்பதால் படிப்படியாகக் குறைக்க வேண்டும். எல்லோருக்கும் மருந்து தேவையும் இல்லை. முறையான உளவியல் சிகிச்சை மட்டுமே போதுமானதாக இருக்கிறவர்கள் பலர்.

ஓட்டுநருக்கு என்ன செய்தார்கள்? எங்கள் பொது மருத்துவர் அவரை மனநலப் பிரிவுக்கு எழுதிக் கொடுத்தார். சீட்டை வாங்கிக்கொண்டு அவர் அங்கே போகாமல் என் மேசைக்கு வந்தார்.

“என்னைப் பைத்தியம்னு எழுதிட்டாங்களா மேடம்?”

“இல்லண்ணே. உங்களுக்கு இருக்கறது என்னன்னு முதல்முறையா எழுதியிருக்காங்க.”

“ஊர்ல தெரிஞ்சா பொண்ணுக்கு நாளைக்கு மாப்பிள்ளை கெடைக்காதே?”

பெண்ணுக்கு அப்போது ஒன்பது வயது. நான் சிரிக்கவில்லை. அவர் பயத்துக்குப் பின்னால் நீண்ட வரலாறு இருக்கிறது. 1794இல் தொடங்கப்பட்ட சென்னை மனநல மருத்துவமனை பின்னர் கீழ்ப்பாக்கத்துக்கு இடம் மாறியதிலிருந்து, அந்த ஊர்ப் பெயரையே வசவாக்கிச் சினிமா நகைச்சுவை வரைக்கும் கொண்டுபோயிருக்கிறோம். ஆனால் 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் என்ன சொல்கிறது? ஒருவருக்கு மனநோய் இருப்பதாகக் கண்டறிவதாலேயே அவர் சித்த சுவாதீனமற்றவர் என்று ஆகிவிடாது. நீதிமன்றம் அறிவித்தால்தான் உண்டு. அவருடைய நோய், சிகிச்சை பற்றிய விவரம் ரகசியமாகக் காக்கப்பட வேண்டும். அது அவர் உரிமை. இதை அவருக்கு எடுத்துச் சொன்னேன். புறநோயாளர் பிரிவில் உட்கார்ந்திருந்தவர்களையும் காட்டினேன். டீச்சர் ஒருவர், கல்லூரி மாணவன், கட்டட வேலைக்காரர், பிரசவமாகி இரண்டு மாதமான பெண்ணும் அவர் மாமியாரும். “எல்லாரும் நம்மள மாதிரிதான் இருக்காங்க” என்று ஓட்டுநர் முணுமுணுத்தார்.

தைராய்டும் ஹீமோகுளோபினும் பார்த்தார்கள், சரியாக இருந்தன. செர்ட்ரலின் 25 மில்லிகிராமில் தொடங்கி, ஒரு வாரத்தில் 50 ஆக்கினார்கள். அல்பிரசோலத்தைச் சிறிது சிறிதாகக் குறைத்து நிறுத்தினார்கள். வாரம் ஒருமுறை உளவியலாளரிடம் போனார். முதல் சந்திப்புகளில் ஒன்றில் உளவியலாளர் அவரை நாற்காலியில் உட்கார வைத்து, ஒரு நிமிடம் வேகவேகமாக ஆழமாக மூச்சு விடச் சொன்னார். தலை சுற்றியது, விரல் மரத்தது, நெஞ்சு படபடத்தது. “இதேதான்! இதேதான் வருது!” என்று அதிர்ந்தார். அந்தக் கணம்தான் சிகிச்சையின் திருப்பம் என்று நான் நினைக்கிறேன். மாரடைப்பை மூச்சு விட்டு வரவழைக்க முடியாது. வரவழைக்க முடிந்தது, நிறுத்தியதும் தணிந்தது என்றால் அது வேறு ஏதோ என்பதை அவர் உடலே அவருக்குச் சொல்லிவிட்டது. (ஆஸ்துமா, இதயநோய், வலிப்பு உள்ளவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் இது ஏற்றதல்ல. வீட்டில் யாரும் தானாகச் செய்து பார்க்கவும் வேண்டாம்.)

அதன்பிறகு பயந்து விட்டதையெல்லாம் ஒவ்வொன்றாகத் திரும்பப் பிடித்தார். மாடிப்படி ஏறி இறங்கிவிட்டு நாடி பார்க்காமல் உட்கார்ந்திருந்தார். சார்பிட்ரேட்டை வீட்டிலேயே வைத்துவிட்டுக் கடைத்தெருவுக்குப் போய்வந்தார். உடன் ஆள் வைத்துப் பைபாஸில் ஒரு பாலம், பிறகு இரண்டு, பிறகு தனியாக. பாலத்தில் படபடப்பு வந்தால் வண்டியை ஓரம் கட்டாமல், அது ஏறி இறங்குவதை விட்டுப் பார்க்க வேண்டும் என்பது விதி. ஆனால் தலைச்சுற்றல் இருந்தால் ஓட்டக் கூடாது என்பதையும் சேர்த்தே சொல்லியிருந்தார்கள். மூன்றாவது வாரத்தில் ஒருமுறை கடுமையாக வந்து, “மருந்து வேலை செய்யல” என்று நிறுத்திவிட்டார். மனைவி எனக்குப் போன் செய்து சொன்னார். பேசித் திரும்ப வரவழைத்தோம். மூன்று மாதம் முடிகையில் சுங்கச்சாவடியைத் தனியாகக் கடந்தார். இப்போதும் தூக்கம் கெட்ட நாட்களில் படபடப்பு எட்டிப் பார்க்கிறது. “வந்தா வரட்டும், போயிரும்” என்கிறார். மருந்தை இன்னும் சில மாதம் எடுத்துவிட்டு மெல்ல நிறுத்துவது திட்டம்.

இந்த இடத்தில் என் தரப்பினரோடும் எனக்கு ஒரு தகராறு உண்டு. விழிப்புணர்வுக் கூட்டங்களில் ‘மனநோயும் சர்க்கரை நோய் மாதிரிதான்’ என்று சொல்வதை வழக்கமாக்கிவிட்டோம். வெட்கத்தைப் போக்க அது உதவலாம். ஆனால் பேனிக் நோய்க்கு அந்த ஒப்பீடு பொருந்தாது. ஆயுள் முழுக்க மாத்திரை என்ற பயத்தைத்தான் அது விதைக்கிறது. பலருக்கு இது சில மாதங்களில் கற்றுக்கொண்டு, ஒன்றிரண்டு ஆண்டுகளுக்குள் மருந்தையும் விட்டுவிட்டு, வந்த வழியே திரும்பிப் போகக்கூடிய நோய். சிலருக்குத் திரும்ப வரும். அப்போது என்ன செய்வது என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கும்.

அரசு மருத்துவமனையில் எல்லாம் சீராக நடக்கிறது என்றும் நான் சொல்லவில்லை. மனநலப் புறநோயாளர் பிரிவில் கூட்டம் அதிகம், ஒருவருக்குக் கிடைக்கிற நேரம் குறைவு. உளவியலாளர்கள் போதாது. நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015-16இல் தமிழ்நாடு உட்படப் பன்னிரண்டு மாநிலங்களில் நடத்திய தேசிய மனநல ஆய்வு, மனநோய் உள்ளவர்களில் சிகிச்சை கிடைக்காதவர்கள் நோய்க்கு நோய் 70இலிருந்து 92 சதவீதம் வரை என்று கணக்கிட்டது. அந்த இடைவெளிக்கு மருத்துவர் பற்றாக்குறை ஒரு காரணம். கதவு வரைக்கும் வந்தவரையும் ‘ஒண்ணும் இல்ல’ என்று நாமே திருப்பியனுப்புவது இன்னொன்று. முதலாவதைச் சரிசெய்ய அரசாணையும் பணமும் பல ஆண்டுகளும் வேண்டும். இரண்டாவதற்கு ஒரு வாக்கியத்தை மாற்றினால் போதும்.

அவசரப் பிரிவு மருத்துவர்களிடமும் செவிலியர்களிடமும் நான் கேட்பது அந்த வாக்கியத்தைத்தான். “உங்க இதயத்துல கோளாறு இல்ல. உங்களுக்கு வந்தது பேனிக் அட்டாக்கா இருக்கலாம். அது நெஜமான தொந்தரவு, அதுக்குச் சிகிச்சை இருக்கு. இந்தச் சீட்டோட மனநலப் பிரிவுக்குப் போங்க.” சொல்ல இருபது வினாடி ஆகாது. வீட்டில் இருக்கிறவர்களிடம் கேட்பது இன்னும் சிறியது: தைரியம் சொல்வதை நிறுத்திவிட்டு, கூடப் போங்கள். முதல் நாள் அந்தப் பிரிவின் வாசலில் தனியாக நிற்பதுதான் மிகக் கடினம்.

எங்கே போவது என்று தெரியாதவர்களுக்கு: அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவு இருக்கிறது. மாவட்ட மனநலத் திட்டக் குழு குறிப்பிட்ட நாட்களில் வட்ட மருத்துவமனைகளுக்கும் வருகிறது. எந்த நாள் என்று உங்கள் மருத்துவமனையின் சீட்டு கொடுக்கிற இடத்திலேயே கேட்கலாம். பழைய ரிப்போர்ட்டுகளையும், தற்போது போடுகிற எல்லா மாத்திரைகளையும், கடையில் தானாக வாங்கியவற்றையும் சேர்த்து எடுத்துச் செல்லுங்கள். உடனே பேச ஆள் வேண்டுமென்றால் டெலி மானஸ் என்ற அரசு உதவி எண் 14416. இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம், கட்டணம் கிடையாது, தமிழிலேயே பேசுவார்கள்.